2^√2-க்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது?

அகிலா

2^3 என்றால் மூன்று இரண்டுகளைப் பெருக்க வேண்டும். 2^(7/5) என்றால் 128-இன் ஐந்தாம் படிமூலம். இதுவரை எனக்குச் சிக்கல் இல்லை. √2-ஐப் பின்னமாக எழுத முடியாது, அதனால் 2^√2-க்கு இந்த வழி கிடையாது. கால்குலேட்டரோ தயங்காமல் 2.665144 என்கிறது. “1.4, 1.41, 1.414 என்று அடுக்கில் இலக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் கிடைக்கும் எல்லையே 2^√2” என்று என் பாடநூல் ஒரே வரியில் முடித்துவிட்டது.

எனக்கு இரண்டு சந்தேகம். இப்படிப் போனால் மதிப்புகள் ஓர் எண்ணில் போய் நிற்கும் என்பதற்கு என்ன உறுதி? அப்புறம், தசம இலக்கங்களை விட்டுவிட்டு 3/2, 7/5, 17/12, 41/29 என்று வேறு பின்னங்கள் வழியாக √2-ஐ நெருங்கினாலும் அதே எண்தான் வருமா?

சரவணன்

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. 2^x = e^(x ln 2). x-க்கு √2 போடுங்கள், முடிந்தது. கால்குலேட்டர் உள்ளே செய்வதும் ஏறக்குறைய இதுதான். பின்னங்களை வரிசையாகப் போட்டுப் பார்ப்பதெல்லாம் பழைய முறை.

நெடுங்கணக்கு

சரவணன், சூத்திரம் சரி. ஆனால் அகிலாவின் கேள்வி அதில் இடம் மாறுகிறதே தவிர தீரவில்லை. e^(0.98...) என்று எழுதியதும், அடுக்கில் விகிதமுறா எண் இருக்கும்போது அதற்கு என்ன பொருள் என்ற அதே கேள்வி e-க்கு வந்துவிடுகிறது. அதைத் தவிர்க்க e^x-ஐ அடுக்காகப் பார்க்காமல் முடிவிலித் தொடராகவோ, மடக்கையின் நேர்மாறாகவோ முதலில் வரையறுக்க வேண்டும். அது நல்ல வழிதான், பிறகு அதற்கு வரலாம். விகிதமுறு அடுக்குகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 2^√2-ஐப் பிடிக்க முடியுமா என்று முதலில் பார்ப்போம்.

அகிலா, நீங்கள் √2-ஐக் கீழிருந்து மட்டும் நெருங்குகிறீர்கள். மேலிருந்தும் வாருங்கள். அப்போதுதான் நிலைமை தெளிவாகத் தெரியும்.

2^1.4 = 2.63902, 2^1.5 = 2.82843
2^1.41 = 2.65737, 2^1.42 = 2.67586
2^1.414 = 2.66475, 2^1.415 = 2.66660
2^1.4142 = 2.66512, 2^1.4143 = 2.66530

இடப்பக்கம் ஏறிக்கொண்டே போகிறது, வலப்பக்கம் இறங்கிக்கொண்டே வருகிறது. இடப்பக்கத்தில் உள்ள எதுவும் வலப்பக்கத்தில் உள்ள எதையும் தாண்டாது. ஏன் என்றால், இரண்டு பின்னங்களுக்கும் ஒரே பகுதி வருமாறு எழுதினால் p/q, s/q என்று இருக்கும். p சிறியது என்றால் 2^p-உம் 2^s-ஐ விடச் சிறியது, இரண்டுக்கும் q-ஆம் படிமூலம் எடுத்தாலும் அந்த வரிசை மாறாது.

ஆக √2-க்குக் கீழே உள்ள எல்லாப் பின்னங்களுக்கும் 2^r-ஐக் கணக்கிட்டு ஒரு கூட்டமாக வைத்தால், அந்தக் கூட்டத்துக்கு ஒரு மேல்வரம்பு இருக்கிறது. 2^1.5 போதும். மேல்வரம்பு உள்ள மெய்யெண் கூட்டத்துக்கு மீச்சிறு மேல்வரம்பு ஒன்று கட்டாயம் இருக்கும். அதை L என்போம். அதுதான் 2^√2. மெய்யெண்களின் முழுமைப் பண்பு இந்த ஓர் இடத்தில்தான் உள்ளே வருகிறது. விகிதமுறு எண்கள் மட்டுமே உலகம் என்று வைத்துக்கொண்டால் இந்த வரையறை நிற்காது, அங்கே L இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

அகிலா

L இருக்கிறது என்பது புரிகிறது, சார். ஆனால் இடப்பக்கம் L-இல் முட்டி நிற்க, வலப்பக்கம் அதற்குச் சற்று மேலேயே வேறோர் எண்ணில் நின்றுவிடலாமே? நடுவில் ஒரு சிறிய இடைவெளி மிஞ்சாது என்று பட்டியலைப் பார்த்து மட்டும் எப்படிச் சொல்வது?

நெடுங்கணக்கு

பட்டியலைப் பார்த்துச் சொல்லக் கூடாது, நிறுவ வேண்டும். முழு வரையறையின் பாரத்தையும் இந்த இடம்தான் தாங்குகிறது. அதனால் நிதானமாகப் போவோம்.

தேவைப்படுவது ஒன்றே ஒன்று: அடுக்கு 1/n மிகச் சிறியதாகும்போது 2^(1/n) எண் 1-க்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று தெரிய வேண்டும். (1 + 1/n)-ஐ n முறை பெருக்குங்கள். விரித்தால் முதல் இரண்டு உறுப்புகள் 1, அப்புறம் n × 1/n, அதாவது இன்னொரு 1. மற்றவை எல்லாம் குறையெண் அல்ல. எனவே (1 + 1/n)^n ≥ 2. இருபுறமும் n-ஆம் படிமூலம் எடுத்தால் 2^(1/n) ≤ 1 + 1/n.

இப்போது √2-க்குக் கீழே r, மேலே s என்று இரண்டு பின்னங்களை எடுங்கள். இரண்டும் 1.5-ஐத் தாண்ட வேண்டாம், இடையில் உள்ள தூரமும் 1/n-ஐத் தாண்ட வேண்டாம். அப்போது

2^s − 2^r = 2^r × (2^(s−r) − 1)

இதில் 2^r எண் 3-ஐ விடச் சிறியது, ஏனென்றால் 2^1.5-ஏ 2.83 தான். அடைப்புக்குள் இருப்பது 1/n-ஐத் தாண்டாது. ஆகவே வித்தியாசம் 3/n-க்குள் அடங்கும். n-ஐ நாம் விரும்பிய அளவுக்குப் பெரியதாக்கலாம், ஆகவே இடைவெளி எதுவும் மிஞ்ச வழியில்லை. 1.414, 1.415 வரியில் சோதித்துப் பாருங்கள். n = 1000, வரம்பு 0.003, உண்மையான வித்தியாசம் 0.00185.

உங்கள் இரண்டாவது சந்தேகமும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. நீங்கள் எந்தப் பின்ன வரிசையோடு வந்தாலும், √2-இலிருந்து 1/n தூரத்துக்குள் வந்துவிட்ட பின்னம் என்றால் அதன் மதிப்பு L-இலிருந்து கிட்டத்தட்ட 3/n-க்குள் இருந்தே ஆக வேண்டும். பாதை எதுவானாலும் இந்த வரம்பு ஒன்றுதான். 17/12 போட்டால் 2.66968. 41/29 போட்டால் 2.66437. 99/70 போட்டால் 2.66528. ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று மாறி மாறி வந்து அதே 2.665144-ஐத்தான் நெருக்குகின்றன.

பூங்குழலி

இதெல்லாம் சரி, 2^√2 விகிதமுறு எண்ணா இல்லையா என்பதுதானே கேள்வி? அது எப்போதோ தீர்ந்துவிட்டது. ஹில்பர்ட் 1900-இல் முன்வைத்த கணக்குகளில் ஏழாவது இந்த வகை எண்களைப் பற்றியது, 2^√2-ஐ அவரே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். 1930-இல் குஸ்மின் இந்த எண் எந்த முழுவெண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவைக்கும் மூலம் ஆகாது என்று நிறுவினார். 1934-இல் கெல்ஃபோண்ட், ஷ்னைடர் இருவரும் தனித்தனியே பொதுத் தேற்றத்தையே நிறுவிவிட்டார்கள். இதன் பெயரே கெல்ஃபோண்ட்–ஷ்னைடர் மாறிலிதான். ஆனால் √2-க்குப் பதில் e-ஐ அடுக்கில் வையுங்கள், 2^e விகிதமுறா எண்ணா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அகிலா

நன்றி பூங்குழலி, நான் கேட்டது அது இல்லை என்றாலும் 2^e பற்றிய செய்தி எனக்குப் புதிது. அந்த எண் எப்படிப்பட்டது என்று ஆராயும் முன், அது எந்த எண் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பதில்தான் நான் நிற்கிறேன்.

தேன்மொழி

எனக்கு இந்த எல்லைக் கணக்கே தேவையில்லாத சுற்றாகத் தெரிகிறது. பின்ன அடுக்குக்கு நாம் எப்படிப் பொருள் கொடுத்தோம்? 2^(x+y) = 2^x × 2^y என்ற விதி உடையக் கூடாது என்று பிடிவாதமாக நின்றோம், 2^(1/2)-க்கு √2-ஐத் தவிர வேறு வழியில்லாமல் போனது. அதே விதியை √2 அடுக்குக்கும் நீட்டினால் அதுவே 2^√2-இன் மதிப்பைக் கட்டாயப்படுத்தும் அல்லவா? வகுப்பில் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

நெடுங்கணக்கு

பின்னங்கள் வரை நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. √2 வந்ததும் அது நின்றுவிடுகிறது. இதை வாதமாகச் சொல்வதைவிட ஒரு சார்பைக் கட்டிக் காட்டுகிறேன்.

a, b பின்னங்களாக இருக்கும் a + b√2 என்ற எண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். √2 விகிதமுறா எண் என்பதால் இப்படி ஓர் எண்ணை ஒரே விதமாகத்தான் எழுத முடியும். இப்போது

f(a + b√2) = 2^a × 5^b

என்று வைக்கிறேன். இரண்டு எண்களைக் கூட்டினால் a-க்கள் கூடும், b-க்கள் கூடும், ஆகவே f(x+y) = f(x) × f(y) அப்படியே நிற்கிறது. b = 0 என்றால், அதாவது எல்லாப் பின்னங்களுக்கும், f நமக்குத் தெரிந்த 2^a-தான். f(7/5) என்பது 128-இன் ஐந்தாம் படிமூலம். ஒரு விதியும் உடையவில்லை. ஆனால் f(√2) = 5. 5-க்குப் பதில் 100 வைத்திருந்தாலும் இதே கதைதான். ஆகவே அடுக்கு விதி மட்டும் 2^√2-இன் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை.

எது தீர்மானிக்கிறது? வரிசைதான். √2 என்பது 1.5-ஐ விடச் சிறியது, ஆனால் f(√2) = 5 என்பதோ f(1.5) = 2.83-ஐ விடப் பெரியது. பெரிய அடுக்குக்குப் பெரிய மதிப்பு என்ற ஒழுங்கு அங்கே உடைந்துவிட்டது. அந்த ஒழுங்கையும் சேர்த்துக் கேட்டால் 5 போன வழியே 2.7-உம் போகும், 2.666-உம் போகும், கடைசியில் L மட்டும் நிற்கும். நான் மேலே போட்ட இரட்டைப் பட்டியல் செய்வது இந்த வேலையைத்தான்.

இந்தப் போலிச் சார்பு எவ்வளவு மோசமானது என்று பூஜ்யத்துக்கு அருகே பார்த்தால் தெரியும். 17 − 12√2 என்பது ஏறத்தாழ 0.0294. உண்மையான 2^0.0294 எண் 1.02-ஐ ஒட்டி இருக்க வேண்டும். f கொடுப்பதோ 2^17 / 5^12, அதாவது சுமார் 0.00054.

தேன்மொழி

இந்த f-ஐ நான் இதுவரை பார்த்ததில்லை. எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் சார், பத்தாம் வகுப்பில் இதைச் சொல்ல இடமில்லை. “விதியும் ஏறுவரிசையும் சேர்ந்து” என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

இளமாறன்

இடையில் நுழைகிறேன். ஒரு நிரலில் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை 1.4-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறேன். சில சமயம் வித்தியாசம் குறையெண்ணாகிவிடுகிறது, அப்போது இப்படி ஆகிறது:

```python
import math
math.pow(-2, 1.4)   # ValueError
(-2) ** 1.4         # கலப்பெண் வருகிறது
```

(−2)^(7/5) என்றால் −128-இன் ஐந்தாம் படிமூலம், அதாவது −2.639 தானே? பைத்தானில் ஏன் வரவில்லை? 1.4-க்கே இப்படி என்றால் √2-க்கு என்ன ஆகும்?

நெடுங்கணக்கு

இது தலைப்போடு ஒட்டியதுதான். அடிமானம் மிகை எண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் நிரல் காட்டுகிறது.

(−2)-ஐ வைத்துக்கொண்டு √2-ஐ நெருங்கிப் பாருங்கள். 7/5 போட்டால் −2.6390. 239/169 போட்டால் −2.6651. தொகுதி, பகுதி இரண்டும் ஒற்றைப்படை என்பதால் குறையெண் வருகிறது. இப்போது 24/17 போடுங்கள். தொகுதி இரட்டைப்படை, ஆகவே +2.6606. 140/99 போட்டால் +2.6650. பகுதி இரட்டைப்படையான 17/12-க்கோ மெய்யெண் மதிப்பே கிடையாது. ஒரு பாதை −2.665-க்குப் போகிறது, இன்னொன்று +2.665-க்குப் போகிறது, மூன்றாவதில் கால் வைக்கவே முடியாது. பாதை மாறினால் விடை மாறுகிறது என்றால் வரையறை இல்லை என்று பொருள். மிகை அடிமானத்துக்கு 3/n என்ற வரம்பு கொடுத்த பாதுகாப்பு இங்கே இல்லை.

இனி உங்கள் 1.4. கணினிக்குள் அது 7/5 ஆக இருப்பதில்லை. மிதவைப் புள்ளி எண்கள் எல்லாம் பகுதியில் 2-இன் அடுக்கு கொண்ட பின்னங்கள். முழுவெண் அல்லாத எந்த எண்ணை நீங்கள் கொடுத்தாலும், சுருக்கிய பிறகும் பகுதி இரட்டைப்படைதான். ஆகவே குறையெண் அடிமானத்துக்கு மெய்யெண் விடை எப்போதும் வராது. உங்களுக்கு −2.639 தான் வேண்டும் என்றால் குறியைத் தனியாக எடுத்துவிட்டு, எண்ணளவை 1.4-க்கு உயர்த்தி, கடைசியில் குறியைச் சேருங்கள். ஆனால் உங்கள் கணக்குக்கு அது பொருந்துமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதிலேயே சரவணனுக்கும் ஒன்று சொல்லலாம். கணினியில் sqrt(2) என்று வருவதும் ஒரு பின்னம்தான், பகுதி 2^52. கருவி 2^√2-ஐ ஒருபோதும் கணக்கிடுவதில்லை. அருகில் உள்ள ஒரு விகிதமுறு அடுக்கைக் கணக்கிடுகிறது. அந்த விடையை நாம் நம்பலாம் என்று சொல்வதற்கே மேலே போட்ட வரம்பு வேண்டியிருக்கிறது.

இளமாறன்

குறியைத் தனியாக எடுப்பதுதான் எனக்குத் தேவை. நன்றி. வித்தியாசம் ஏன் குறையெண்ணாகிறது என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும், அது வரவே கூடாத இடம்.

சரவணன்

கருவியை நான் வரையறை என்று சொல்லவில்லை. என் பக்கத்தை முழுதாகச் சொல்கிறேன். 1/t வளைகோட்டுக்குக் கீழே 1 முதல் x வரை உள்ள பரப்பை ln x என்று வையுங்கள். அது ஏறிக்கொண்டே போகும் தொடர்ச்சியான சார்பு, ஆகவே நேர்மாறு உண்டு. அந்த நேர்மாறுதான் e^x. இதில் அடுக்கு என்ற பேச்சே இல்லை, சுழற்சி வாதமும் இல்லை. பிறகு 2^x = e^(x ln 2). எல்லா மெய்யெண்ணுக்கும் ஒரே வீச்சில் கிடைக்கிறது, வகைக்கெழுவும் இலவசமாக வருகிறது. பின்ன வழியில் வகைக்கெழுவுக்கு இன்னொரு முறை எல்லையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நெடுங்கணக்கு

இதை மறுக்கவில்லை. தொகையிடலுக்குப் பிறகு பாடம் நடத்தினால் நானும் இப்படித்தான் தொடங்குவேன். ஒரு வேலை மட்டும் மிஞ்சும். உங்கள் 2^(7/5) உண்மையிலேயே 128-இன் ஐந்தாம் படிமூலம்தானா என்று சரிபார்க்க வேண்டும். அது பெருக்கல் விதியிலிருந்து வந்துவிடும். அதன்பின் உங்கள் சார்பும் என் சார்பும் பின்னங்களில் ஒன்றாகின்றன, இரண்டும் ஏறுவரிசையில் இருக்கின்றன, ஆகவே √2-இல் இரண்டுமே அந்த இரட்டைப் பட்டியலுக்கு நடுவில் மாட்டிக்கொள்கின்றன. வேறு மதிப்பு எடுக்க இடமில்லை.

எதை முதலில் வைப்பது என்பதில் நமக்குள் ஒத்துப்போகாது என்று நினைக்கிறேன். படிமூலம் மட்டும் தெரிந்த ஒருவருக்கு, பரப்பில் தொடங்கும் வரையறை 2^3-இலிருந்து மிகவும் விலகித் தெரியும்.

சரவணன்

எனக்குப் பரப்புதான் முதலில்.

அகிலா

இரண்டு வழியும் ஒரே எண்ணில் முடிகிறது என்பதை இப்போது ஏற்க முடிகிறது. கடைசியாக ஒன்று. (2^√2)^√2 = 2^2 = 4 என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். அடிமானமே எல்லையாக வந்த எண், அதற்கு மேலே இன்னொரு எல்லை. இந்த விதி பின்னங்களுக்கு உண்மை என்பதால் இங்கேயும் உண்மை என்று எப்படிச் சொல்வது?

நெடுங்கணக்கு

இரண்டு எல்லைகளையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள், ஒவ்வொன்றாகப் போங்கள். 2^√2-ஐ A என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் ஒரு மிகை எண், 2.665144. எப்படி வந்தது என்பதைச் சற்று மறந்துவிடலாம்.

முதலில் r பின்னமாக இருக்கும்போது A^r = 2^(r√2) என்று காட்ட வேண்டும். 2^(x+y) = 2^x × 2^y என்ற விதி எல்லா மெய்யெண்ணுக்கும் உண்டு. x, y இரண்டையும் பின்னங்களால் நெருங்கினால் பெருக்கற்பலனும் கூடவே நெருங்கும். அந்த விதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் முழுவெண் p-க்கு A^p = 2^(p√2) வந்துவிடும். p/q என்றால் 2^(p√2/q)-ஐ q முறை பெருக்கினால் A^p வருகிறது, ஆகவே அது A^p-இன் q-ஆம் படிமூலம். இதுவரை இரண்டாவது எல்லை வரவில்லை.

இப்போது r-ஐ √2 நோக்கி நகர்த்துங்கள். இடப்பக்கம் A^r, வரையறைப்படியே A^√2-க்குப் போகிறது. வலப்பக்கம் அடுக்கு r√2, 2-ஐ நெருங்குகிறது, 3/n போன்ற வரம்பால் மதிப்பு 4-ஐ நெருங்குகிறது. r = 1.414 போட்டால் இருபுறமும் 3.99916.

3/n என்ற எண் அடிமானம் 2-க்கும் 1.5 வரையிலான அடுக்குக்கும் உரியது. அடிமானம் A-க்கும், 2 வரை போகும் அடுக்குக்கும் வேறு எண் வரும். அதை நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள். (1 + 2/n)^n எவ்வளவு என்பதில் தொடங்கலாம்.

அகிலா

(1 + 2/n)^n ≥ 3, A அதைவிடச் சிறியது, ஆகவே A^(1/n) ≤ 1 + 2/n. r 1.5-க்குள் இருந்தால் A^r எண் 5-க்குள் இருக்கும், வித்தியாசம் 10/n-க்குள் அடங்கும். வலப்பக்கம் அடிமானம் 2 தான், அடுக்கு 3-ஐத் தாண்டாது என்று வைத்தால் 8/n. சரிதானா சார்?

நெடுங்கணக்கு

சரி. A^1.5 ஏறத்தாழ 4.35, ஆகவே 5 தாராளமாகப் போதும்.

பூங்குழலி

இதில் அடிமானமும் மாறினால் என்ன ஆகும்? 2^√2 × 3^√2 = 6^√2 ஒரே எல்லையில் வந்துவிடும் என்று தெரிகிறது, ஒவ்வொரு r-க்கும் 2^r × 3^r = 6^r தானே. ஆனால் x^x போல இரண்டும் சேர்ந்து நகரும்போது, x விகிதமுறா எண்களின் வழியே √2-ஐ நெருங்கினால், ஒரே வரம்பு இரண்டுக்கும் போதுமா?